வானத்தில் எடுத்த மஞ்சள், தரையில் விட்ட மஞ்சள்

மேசைக்கு வந்தது ஒரு நிலக்காட்சி. கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், 40 செ.மீ. உயரம், 55 செ.மீ. அகலம், கையெழுத்து கிடையாது. கேன்வாஸின் நெசவையும் அதை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தையும் வைத்துப் பார்த்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று சொல்லலாம். ஓர் ஆறு, அதில் இறங்கி நிற்கும் மாடுகள், சிவப்பு மேலாடை போட்ட மேய்ப்பன், பின்னால் மலைத்தொடர், மேல்பாதி முழுக்க வானம். எல்லாமே ஒரே மஞ்சள் பழுப்பில் மூழ்கிக் கிடந்தது.

படத்தின் சொந்தக்காரரான அம்மா கேட்டது ஒரே கேள்விதான். “இந்த மஞ்சளை மொத்தமா எடுத்துடலாமா தம்பி?”

“எடுக்க முடியும்மா. ஆனா எல்லா இடத்துலயும் எடுக்கலாமான்னு பார்த்துட்டுத்தான் சொல்வேன்” என்றேன். அதைப் பார்த்து முடிவெடுத்த கதைதான் இது. துடைத்த வேலையைவிட அந்த முடிவுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

முதலில் மஞ்சள் ஏன் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் பின்னால் நான் ஏன் தயங்கினேன் என்பதும் புரியும்.

பழைய எண்ணெய் ஓவியங்களின்மேல் பூசியிருக்கும் வார்னிஷ் பெரும்பாலும் மரப்பிசின். தென்கிழக்காசியக் காட்டு மரங்களிலிருந்து வரும் டாமர் என்ற குங்கிலிய வகை ஒன்று; கிரேக்கத்தின் கியாஸ் தீவில் எடுக்கும் மாஸ்டிக் இன்னொன்று. இவற்றை டர்பன்டைனில் கரைத்துப் பூசுவார்கள். டர்பன்டைன் ஆவியாகிப் போய், பிசின் மட்டும் கண்ணாடி மாதிரி மெல்லிய படலமாகத் தங்கும். பூசிய புதிதில் அது அழகான வேலை செய்கிறது. வண்ணத்தின் சொரசொரப்பை நிரப்பி, ஒளி சிதறாமல் உள்ளே போய் வர விடுகிறது. அதனால்தான் வார்னிஷ் பூசியதும் இருண்ட நிறங்கள் ஆழமாகத் தெரிகின்றன.

சிக்கல் அந்தப் பிசின் மூலக்கூறிலேயே இருக்கிறது. வெளிச்சம் பட்டதும், குறிப்பாகப் புற ஊதாப் பகுதி பட்டதும், சில பிணைப்புகள் உடைகின்றன. அங்கே ஆக்ஸிஜன் வந்து ஒட்டுகிறது. ஒரு மூலக்கூறில் தொடங்கியது அடுத்ததற்குத் தாவுகிறது, சங்கிலியாகப் போகிறது. வருடங்கள் ஆக ஆக அமிலத் தொகுதிகள் சேர்கின்றன, சில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பெரிதாகின்றன, நீல ஒளியை விழுங்கும் புதுப் பொருட்கள் உண்டாகின்றன. நீலம் குறைந்த வெள்ளொளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத்தான் தெரியும்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆக்ஸிஜனேற்றத்தைத் தூண்டிவிடுவது வெளிச்சம். ஆனால் மஞ்சள் நிறம் இருட்டில்கூடத் தொடர்ந்து ஏறும். சொல்லப்போனால், உண்டான மஞ்சளில் ஒரு பங்கை வெளிச்சமே வெளுக்கவும் செய்யும். படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டால் மஞ்சளாவது நின்றுவிடும் என்று நம்பி யாரும் ஏமாற வேண்டாம்.

அதே வேதிமாற்றம் இன்னொன்றையும் செய்கிறது, சீரமைப்பவருக்கு அதுதான் முக்கியம். புது டாமர் டர்பன்டைனில் கரையும். ஆக்ஸிஜன் ஏற ஏற அதன் முனைவுத்தன்மை கூடிக்கொண்டே போகும். பழைய டாமர் டர்பன்டைனுக்கு அசைந்து கொடுக்காது. அதைக் கரைக்க எத்தனால், அசிட்டோன் மாதிரி முனைவுள்ள கரைப்பான் வேண்டும். கீழே இருக்கும் எண்ணெய் வண்ணத்துக்கும் அந்தக் கரைப்பான்கள்தான் ஆபத்து. ஆகவே சுத்தம் செய்வது என்பது ஓர் இடைவெளியைத் தேடுவதுதான்: வார்னிஷ் கரையும், வண்ணம் கரையாது என்ற இடைவெளி. சில படங்களில் அது தாராளமாக இருக்கும். சிலவற்றில் நூலளவுகூட இருக்காது. ஒரே படத்திலேயே இடத்துக்கு இடம் மாறவும் மாறும். இந்தப் படம் அந்த ரகம்.

மஞ்சள் என்ன கெடுத்திருந்தது

அழுக்காகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் ஒரு படத்தைத் தொடுவதில்லை. வார்னிஷ் படத்தின் வாசிப்பை மாற்றியிருக்கிறதா என்று பார்ப்பேன். இங்கே மாற்றியிருந்தது. நீல வானத்தின்மேல் மஞ்சள் வடிகட்டி வைத்தால் பச்சை கலந்த சாம்பல் கிடைக்கும், அதுதான் கிடைத்திருந்தது. மேகங்களின் வெள்ளை வைக்கோல் நிறம். இதைவிட மோசம் மலைகள். தொலைவைக் காட்ட ஓவியர் மலைகளை வெளிர்நீலமாகத் தீட்டியிருப்பார். அந்த நீலம் போய்விட்டதால் மலைகள் முன்னால் நகர்ந்து வந்து மாடுகளுக்குப் பின்னாலேயே சுவர் மாதிரி நின்றன. மறுபக்கம் இருண்ட இடங்கள் தேய்ந்திருந்தன. நுண்வெடிப்பு விட்ட வார்னிஷ் ஒளியைச் சிதறடிப்பதால் கருமை சாம்பலாகிவிடுகிறது. வெள்ளை மங்கி, கருப்பு வெளுத்து, படத்தின் ஆழமே தட்டையாகிப் போயிருந்தது.

ஆனால் மஞ்சளாகத் தெரிவதெல்லாம் வார்னிஷ் அல்ல. ஆளிவிதை எண்ணெயும் மஞ்சளாகும், அதுவும் இருட்டில் அதிகமாக. அது வண்ணத்தின் உடம்பிலேயே இருக்கிறது, எந்தக் கரைப்பானாலும் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. மேலே படிந்த புகையும் தூசியும் வேறு கணக்கு. அப்புறம், வேண்டுமென்றே நிறம் சேர்த்த வார்னிஷும் உண்டு. பழைய ஓவியம் என்றால் பழுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் நம்பினார்கள். ஓவியத்தின் நிறம் பழைய வயலின் போல இருக்க வேண்டும் என்றாராம் இங்கிலாந்துச் சேகரிப்பாளர் ஜார்ஜ் போமான்ட். ஓவியர் கான்ஸ்டபிள் பதிலுக்கு ஒரு வயலினை எடுத்துப்போய்ப் பச்சைப் புல்தரையில் வைத்துக் காட்டினார் என்று கதை.

இவற்றைப் பிரித்தறிய முதல் கருவி புற ஊதா விளக்கு. அறையை இருட்டாக்கி விளக்கைப் பிடித்தேன். படம் முழுக்கப் பாசிநீர் மாதிரி மங்கிய பச்சையில் ஒளிர்ந்தது. வயதான இயற்கைப் பிசினின் ஒளிர்வு அது. அரக்கு வார்னிஷாக இருந்திருந்தால் ஆரஞ்சாகத் தெரிந்திருக்கும். அந்தப் பச்சைக்கு நடுவே, வானத்தின் இடப்பக்கம், உள்ளங்கை அகலத்தில் கருநீலத் திட்டு ஒன்று. வார்னிஷுக்கு மேலே பிற்காலத்தில் யாரோ தீட்டிய ஒட்டுவேலை அப்படித்தான் கருப்பாகத் தெரியும். படத்தின் பின்புறம் அதே இடத்தில் பழைய துணி ஒட்டு இருந்தது, அதனால் கிழிசல் என்று ஊகிக்கச் சிரமமில்லை.

அந்தத் திட்டு முடிவை நேரடியாகப் பாதிக்கும். ஒட்டுவேலை செய்தவர் தன் காலத்து மஞ்சளுக்குப் பொருத்தமாக நிறம் கலந்திருப்பார். சுற்றியுள்ள வானத்தை நீலமாக்கிவிட்டு அதை விட்டால் நடுவானத்தில் அழுக்குக் கறையாக நிற்கும். எனவே சுத்தம் செய்யத் தொடங்கினால் ஒட்டையும் எடுத்தாக வேண்டும். எடுத்தால் கீழே என்ன வருமோ அதைச் சரிசெய்யும் பொறுப்பும் நம் தலையில்தான்.

இன்னொரு எளிய சோதனையும் செய்தேன். ஒரு மூலையில் ஐசோ-ஆக்டேன் சில சொட்டுகள். அது பழைய வார்னிஷைக் கரைக்காது, ஆனால் வெடிப்புகளை நிரப்பி ஒரு நிமிடத்துக்குப் பளபளப்பை மீட்டுக் கொடுக்கும். இருண்ட நிறங்கள் உடனே ஆழமாயின. வானம் மஞ்சளாகவே இருந்தது. சில படங்களில் இந்தச் சோதனையோடு பேச்சு முடிந்துவிடும். பளபளப்பு மட்டும்தான் போயிருக்கிறது என்றால் தூசியைத் துடைத்து, பழையதின்மேல் மெல்லிய புது வார்னிஷ் ஒரு கை கொடுத்தால் போதும், பழையதை எடுக்கவே வேண்டாம். இங்கே அது போதாது.

அழுக்கு முதலில்

வார்னிஷுக்கு மேலே படிந்த அழுக்கை அதோடு சேர்த்தே கரைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அழுக்கு இருக்கும்வரை கரைப்பான் சோதனையின் விடை நம்பத்தக்கதாக இருக்காது. பஞ்சில் வரும் பழுப்பு அழுக்கா வார்னிஷா வண்ணமா என்று சொல்ல முடியாது.

மரக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, முதலில் வெறும் தண்ணீர். கொஞ்சம் வந்தது. அடுத்து 1 சதவீத அமோனியம் சிட்ரேட் கரைசல், நடுநிலைக்குப் பக்கத்தில். பஞ்சு சாம்பல் கருப்பாக வந்தது. தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். உருளும்போது அழுக்கு பஞ்சுக்குள் ஏறிக்கொள்ளும், தேய்த்தால் அதே அழுக்கு உப்புத்தாள் போல வேலை செய்யும். பிறகு தண்ணீர் தொட்ட பஞ்சால் கரைசலின் மிச்சத்தை எடுத்தேன். தண்ணீர் அடித்தளப் பூச்சை உப்பவைக்கும், அதனால் வெடிப்புகள் தூக்கிக்கொண்டிருந்த ஓரத்தில் மட்டும் இதைச் செய்யவில்லை. அங்கே முதலில் பசை விட்டு வண்ணத்தை ஒட்டவைக்க வேண்டியிருந்தது.

அழுக்கு போனதும் படம் கொஞ்சம் வெளிச்சமானது, ஆனால் மஞ்சள் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. சொந்தக்கார அம்மாவுக்குப் புகைப்படம் அனுப்பினால் “முன்னைவிட மஞ்சளா இருக்கே தம்பி” என்றார். சரியாகத்தான் சொன்னார்.

கரைப்பான் சோதனை

நான் பயன்படுத்துவது இரண்டு வரிசைக் கலவைகள். ஐசோ-ஆக்டேனில் எத்தனாலை 10, 20, 30 என்று பத்துப் பத்து சதவீதமாகக் கூட்டிக்கொண்டே போவது ஒன்று. எத்தனாலுக்குப் பதில் அசிட்டோன் போடுவது இன்னொன்று. மிகப் பலவீனமானதில் தொடங்கி ஏறுவேன். எத்தனால் நீரற்றதாக இருக்க வேண்டும்; தண்ணீர் கலந்ததென்றால் குறைந்த விகிதக் கலவைகள் குப்பியிலேயே கலங்கிப் பிரிந்துவிடும். காற்றை உறிஞ்சும் குழாய் மேசைமேல் ஓட வேண்டும், கையுறை வேண்டும், பயன்படுத்திய பஞ்சு மூடியுள்ள உலோகப் பெட்டிக்குள் போக வேண்டும்.

சோதனை இடம் அரிசியளவு போதும். முதல் இடங்கள் சட்டத்தின் மடிப்புக்குள் மறையும் ஓரத்தில். ஆனால் ஓரத்தை மட்டும் நம்பக் கூடாது. அங்கே வெளிச்சம் குறைவாகப் பட்டிருப்பதால் வார்னிஷும் வண்ணமும் நடுவில் இருப்பவற்றிலிருந்து வேறுபடும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். முகம், கண், கையெழுத்து மாதிரி இடங்களில் மட்டும் கை வைக்கக் கூடாது.

வானத்தில் 10, 20 சதவீத எத்தனாலுக்கு எதுவும் நடக்கவில்லை. 30-இல் மேற்பரப்பு லேசாகப் பிசுபிசுத்தது. 40-இல் பஞ்சு நல்ல தேன் மஞ்சளில் வந்தது, கீழே நீலம் தெரிந்தது. வானத்து வண்ணத்தில் ஈய வெள்ளை நிறைய இருக்கும். ஈயம் எண்ணெயோடு வினைபுரிந்து படலத்தை உறுதியாக்குகிறது. 70 சதவீதம்வரை ஏறிப் பார்த்தும் பஞ்சில் நீலமோ வெள்ளையோ வரவில்லை. 40 எங்கே, 70 எங்கே. தாராளமான இடைவெளி. மலைகளும் அதே கணக்குதான். மேய்ப்பனின் சிவப்பு 60-இல் பஞ்சை இளஞ்சிவப்பாக்கியது, அதனால் அங்கே 40-ஐத் தாண்டக் கூடாது என்று குறித்துக்கொண்டேன்.

அதுவரை நல்லபடியாகப் போனது. அப்புறம் முன்தரை.

ஆற்றங்கரையின் கீழ்ப்பகுதி கதகதப்பான ஆழ்ந்த பழுப்பு. 40-இல் பஞ்சு தேன் மஞ்சளில் வந்தது, சரி. அடுத்த பஞ்சும் மஞ்சள். மூன்றாவது பஞ்சு பழுப்பு. வானத்தில் இரண்டு பஞ்சிலேயே நிறம் நின்றுபோனது, இங்கே நிற்கவில்லை. வார்னிஷ் அங்கே தடிப்பாக இருந்தாலும் இப்படித்தான் நடக்கும், வண்ணம் கரைந்து வந்தாலும் இப்படித்தான் நடக்கும். பஞ்சின் நிறத்தை வெறும் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

அப்போதுதான் பஞ்சுகளையே புற ஊதா விளக்கில் வைக்க வேண்டும். வார்னிஷ் ஏறிய பஞ்சு பச்சையாக ஒளிரும். முதல் இரண்டும் ஒளிர்ந்தன. மூன்றாவதில் ஒளிர்வு கொஞ்சம்தான், மீதி கருப்பு. (சில பஞ்சு வெளுப்பான் சேர்த்ததால் தானே நீலமாக ஒளிரும். புதுப் பஞ்சை முதலிலேயே விளக்கில் காட்டிப் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை.) ஆக மூன்றாவது பஞ்சில் வந்தது வார்னிஷ் அல்ல. அங்கேயே நிறுத்தினேன்.

அந்தப் பழுப்பு யாருடையது

கேள்வி இப்போது மாறிவிட்டது. கரையும் பழுப்பு ஒன்று இருக்கிறது. அதை ஓவியரே கடைசியாகப் பூசிய மெல்லிய ஒளிபுகும் வண்ணப் பூச்சு என்று எடுத்துக்கொள்வதா, பின்னால் வந்த யாரோ படத்துக்குப் பழமை சேர்க்கப் பூசிய சாயம் என்று எடுத்துக்கொள்வதா? முதலாவது என்றால் அது ஓவியம், தொடக்கூடாது. இரண்டாவது என்றால் எடுத்துவிடலாம். அந்தக் காலத்து ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் மாஸ்டிக் பிசினைக் கலந்து வேலை செய்வது சாதாரணம். பளபளப்பாக, வழுக்கிக்கொண்டு ஓடும் அந்தக் கலவை; நூறு வருடம் கழித்து வார்னிஷ் கரையும் அதே கரைப்பானில் அதுவும் கரையும். பிசின் பிசின்தானே.

நுண்ணோக்கிக்குக் கீழே, சோதனைச் சாளரத்தின், அதாவது துடைத்துப் பார்த்த அந்தச் சிறு இடத்தின், விளிம்பைப் பார்த்தேன். பார்க்க வேண்டியது வெடிப்புகள். எண்ணெய் வண்ணம் காய்ந்து பல பத்தாண்டுகளில் வெடிக்கும். அதன்பிறகு யாராவது பழுப்பைப் பூசியிருந்தால் அது வெடிப்புக்குள் ஓடி, அடியில் குட்டையாகத் தேங்கியிருக்கும். இங்கே நேர்மாறு. வெடிப்பு பழுப்பையும் சேர்த்தே பிளந்துகொண்டு போயிருந்தது. பிளவின் இரு சுவர்களிலும் பழுப்பின் வெட்டுமுகம் கூர்மையாகத் தெரிந்தது. பிளவுக்குள் தேங்கியிருந்தது மேலே இருந்த மஞ்சள் வார்னிஷ் மட்டும். அதாவது வெடிப்பு வந்தபோது பழுப்பு ஏற்கெனவே அங்கே இருந்தது, வார்னிஷ் பிறகு வந்தது.

உறுதிப்படுத்த, ஏற்கெனவே இருந்த ஒரு வெடிப்பின் ஓரத்திலிருந்து ஊசிமுனையளவு துணுக்கு எடுத்து, பிசினில் பதித்து, குறுக்காக மெருகேற்றி, புற ஊதா ஒளியில் நுண்ணோக்கியில் பார்த்தேன். கீழே வெண்ணிற அடித்தளம், மேலே மண்பழுப்பு வண்ணம், அதன்மேல் மெல்லிய ஒளிபுகும் பழுப்பு, கடைசியாகப் பச்சையாக ஒளிரும் வார்னிஷ். வண்ணத்துக்கும் ஒளிபுகும் பழுப்புக்கும் நடுவே அழுக்குக் கோடு இல்லை. பிற்காலச் சாயமாக இருந்தால் நடுவே பல வருடத் தூசி கருங்கோடாகத் தெரிந்திருக்கும். பழுப்புக்கும் வார்னிஷுக்கும் நடுவே மெலிதான கோடு ஒன்று இருந்தது. அதனால் இப்போதிருக்கும் வார்னிஷே ஓவியர் பூசியது அல்ல, சில காலம் கழித்து வந்தது.

ஆக, பழுப்பு ஓவியருடையது. அதன்மேல் உள்ள வார்னிஷும் அதுவும் ஒரே 40 சதவீதத்தில் அசைகின்றன. அசிட்டோன் வரிசையிலும் பார்த்தேன்: வார்னிஷ் 50-இல் கிளம்பியது, பழுப்பும் 50-இல், கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதத்தை நம்பி 40 செ.மீ. படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் பஞ்சை உருட்டிக்கொண்டு போக நான் தயாரில்லை. கரைப்பானை ஜெல்லாக்கி மேலேயே நிறுத்திவைக்கலாம், ஆழமாக இறங்காது. ஆனால் வார்னிஷ் கரைந்து முடிவதும் பழுப்பு கரையத் தொடங்குவதும் ஒரே நொடி என்றால் ஜெல் எதைக் காப்பாற்றும்?

பஞ்சில் நிறம் வராவிட்டாலும் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கரைப்பான் எண்ணெய்ப் படலத்துக்குள் புகுந்து அதை உப்பவைக்கும். சங்கிலியில் கட்டுப்படாத சிறிய கொழுப்பமிலங்களைக் கரைத்து வெளியே கொண்டுபோகும். நிறமிகள் அப்படியே இருக்கும், பஞ்சு வெள்ளையாகவே வரும், ஆனால் காய்ந்தபின் மேற்பரப்பு மங்கலாக, வெண்மை பூத்தாற்போல் தெரியும். அதனால் ஒவ்வொரு சாளரத்தையும் மறுநாள் சாய்வொளியில் திரும்பப் பார்ப்பேன். வானத்துச் சாளரங்கள் சுத்தமாக இருந்தன.

மூன்று வழிகள்

முழுக்க எடுப்பது முன்தரையால் முடியாது என்று ஆகிவிட்டது. எதையும் தொடாமல் விடுவது இரண்டாவது வழி. அது கோழைத்தனம் இல்லை, பல படங்களுக்கு அதுதான் சரியான முடிவு. மூன்றாவது, மெலிதாக்குவது: வார்னிஷின் மேல்பகுதியை மட்டும் எடுத்து, கடைசிப் படலத்தை விட்டுவைப்பது.

இந்தச் சண்டை புதிதல்ல. போர்க்காலத்தில் சுத்தம் செய்த ஓவியங்களை லண்டன் நேஷனல் கேலரி 1947-இல் காட்சிக்கு வைத்தபோது பெரிய விவாதம் வெடித்தது. முழுக்க எடுத்தால்தான் ஓவியர் தீட்டியது தெரியும் என்பது அங்கே எழுந்த வாதம். 1949-இல் ரோமின் சீரமைப்பு அறிஞர் செசாரே பிராண்டி, வார்னிஷ் என்று நினைத்து ஓவியரின் கடைசி மெல்லிய பூச்சுகளையும் எடுத்துவிடும் அபாயத்தைச் சுட்டிக்காட்டினார். முழுக்க எடுப்பவர் பக்கமும் நியாயம் உண்டு. ரெம்பிராண்ட் 1642-இல் தீட்டிய காவல்படை ஓவியத்துக்கு ‘இரவுக் காவல்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டதே இருண்ட வார்னிஷால்தான்; 1946-47-இல் சுத்தம் செய்தபோது பகல் வெளிச்சம் வெளியே வந்தது. எனக்கு இதில் கட்சி கிடையாது. ஒரு படத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அதன் மிகப் பலவீனமான இடம் சொல்லட்டும் என்பதுதான் என் நிலை.

ஆனால் வானத்தை மட்டும் முழுக்கத் துடைத்துவிட்டுத் தரையை மஞ்சளாக விட்டால் இரண்டு படங்களை ஒட்டியது மாதிரி இருக்கும். வானம் குளிர்ந்து போய்ப் பளிச்சிடும், தரை அதனால் இன்னும் அழுக்காகத் தெரியும். எனவே முன்தரை எவ்வளவு தாங்குமோ அதை முதலில் முடிவுசெய்து, வானத்தை அதற்கு ஏற்ப நிறுத்துவது என்று தீர்மானித்தேன்.

சொந்தக்கார அம்மாவுக்குச் சாளரங்களைக் காட்டினேன். அவர் நீலத்தைப் பார்த்துச் சிரித்தார், பழுப்பேறிய பஞ்சைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “அப்ப கீழே கொஞ்சம் மஞ்சள் இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது, அதனால் இது வெறும் சம்பிரதாயம் இல்லை.

வேலை

முன்தரைக்கு 30 சதவீதக் கலவை. அது வார்னிஷைக் கரைத்து முடிக்காது, மேற்பரப்பை மட்டும் இளக்கும். ஒரு பஞ்சு, இரண்டு மூன்று உருட்டல், உடனே வெறும் ஐசோ-ஆக்டேன் தொட்ட பஞ்சால் அணைப்பது. ஒவ்வொரு பஞ்சும் விளக்கின்கீழ் பச்சையாக ஒளிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். படத்தையும் இடையிடையே விளக்கில் பார்த்தேன்: பச்சை ஒளிர்வு மங்கி, ஆனால் எங்கும் விட்டுப்போகாமல் சீராக இருந்தால் படலம் இன்னும் பாதுகாப்பாக இருக்கிறது என்று அர்த்தம். கருந்திட்டு தெரியத் தொடங்கினால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட வேண்டும்.

வானத்துக்கு 40. சோதனைச் சாளரங்கள் சதுரமாக இருக்கலாம், ஆனால் வேலையைச் சதுரம் சதுரமாகச் செய்தால் கோடுகள் தெரியும். மேகத்தின் விளிம்புவரை, மலையின் விளிம்புவரை என்று உருவங்களின் எல்லையில் நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும். மலைகளில் முழுக்க எடுத்தேன், ஏனென்றால் தொலைவு திரும்ப வருவதற்கு அந்த வெளிர்நீலம் வேண்டும். வானத்தில் மெல்லிய படலம் ஒன்றை விட்டேன். ஆற்றுநீர் இரண்டுக்கும் நடுவே. அதில் மேலிருந்து கீழே வரவரக் கொஞ்சம் கொஞ்சமாக வார்னிஷைக் கூட்டிவிட்டதால் மாற்றம் எங்கே நடக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

வானத்து ஒட்டுவேலை வார்னிஷோடு வந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்த கிழிசல் 3 செ.மீ. நீளம்தான். பழைய சீரமைப்பாளர் அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு நல்ல வானத்தின்மேலேயே தீட்டிவைத்திருந்தார். நிறம் சரியாகப் பொருந்தவில்லை என்றால் பரப்பிக்கொண்டே போவது பழைய பழக்கம். கிழிசலின் பழைய பூச்சு நொறுங்கியிருந்ததால் எடுத்துவிட்டு, சுண்ணத்தூளும் ஜெலட்டினும் கலந்த பூச்சால் நிரப்பி, மட்டம் பார்த்து, பக்கத்து வண்ணத்தின் தூரிகைத் தடம் போலவே மேற்பரப்பைச் செதுக்கினேன்.

புது வார்னிஷுக்கு டாமர் வேண்டாம் என்று முன்பே முடிவு. ரீகல்ரெஸ் 1094 என்ற ஹைட்ரஜனேற்றிய செயற்கைப் பிசின், அரோமாட்டிக் நீக்கிய ஒயிட் ஸ்பிரிட் 100 மி.லி.க்கு 20 கிராம். அதில் டினுவின் 292 என்ற நிலைப்படுத்தி, பிசின் எடையில் 2 சதவீதம், அதாவது 0.4 கிராம். மூலக்கூறு சிறியது என்பதால் டாமர் மாதிரியே வண்ணத்தை ஆழமாகக் காட்டுகிறது. ஆக்ஸிஜன் ஒட்ட வாகான பிணைப்புகளை முன்பே நிறைத்துவிட்டதால் மஞ்சளாவது மிக மெதுவாக. பல வருடம் கழித்தும் ஒயிட் ஸ்பிரிட் மாதிரி பலவீனமான கரைப்பானிலேயே கரையும், அடுத்த முறை யாரும் எத்தனாலைத் தொட வேண்டியிருக்காது. இதைத் தூரிகையால் ஒரு பூச்சு கொடுத்து, காய்ந்தபின் நிரப்பிய இடத்தில் மட்டும் யூரியா-ஆல்டிஹைடு பிசினில் அரைத்த வண்ணங்களை ஐசோபுரோப்பனாலில் கரைத்துத் தீட்டினேன். ஐசோபுரோப்பனால் ரீகல்ரெஸைக் கரைக்காது. மேலே தெளிக்கும் ரீகல்ரெஸின் கரைப்பான் அந்த வண்ணத்தைக் கரைக்காது. இந்தப் பொருத்தம் இல்லாவிட்டால் கடைசிப் பூச்சில் ஒட்டுவேலை வழிந்துவிடும். கடைசியாக மெல்லிய தெளிப்பு இரண்டு, பளபளப்பு அதிகமாகாமல்.

அறிக்கையில் முன்தரைக்குத் தனிப் பக்கம் ஒதுக்கினேன்: ஓவியரின் ஒளிபுகும் பழுப்புப் பூச்சு எங்கிருந்து எங்குவரை இருக்கிறது என்ற வரைபடம், அது எத்தனால் 40-இலும் அசிட்டோன் 50-இலும் கரைகிறது என்ற குறிப்பு, குறுக்குவெட்டின் படம், சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த புற ஊதாப் படங்கள். அங்கே விட்டுவைத்த பழைய வார்னிஷ் இன்னும் மஞ்சளாகத்தான் போகிறது, மேலே பூசிய ரீகல்ரெஸ் அதைத் தடுக்காது. அப்போது வரும் சீரமைப்பாளர் மேல்பூச்சை ஒயிட் ஸ்பிரிட்டில் எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, 30 சதவீதத்தில் தொடங்கினால் போதும்.